மேலே இருப்பதை முதலில் எடுக்காதீர்கள்: நம் மெயின்டெய்னர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெயின்டெய்னர்கள் மூவருக்கும் வணக்கம்.

நம் ரெப்போவில் திறந்து கிடக்கும் 43 புல் ரிக்வெஸ்ட்களையும் கடந்த இரண்டு வார இறுதிகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மெர்ஜ் செய்யும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் படிப்பதற்கும் தரம் பிரிப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லையே. நீங்கள் மூவரும் சம்பளம் வாங்காமல், சொந்த வேலை முடிந்த பிறகு, சனிக்கிழமைகளில் ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். மொத்தம் வாரத்துக்கு ஆறு மணி நேரம். அதைக் கூட்டச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அந்த ஆறு மணி நேரத்தில் எதை முதலில் எடுப்பது என்பதைப் பற்றி மட்டுமே பேச வந்திருக்கிறேன்.

இப்போது அந்த வரிசையை உங்களில் யாரும் முடிவு செய்வதில்லை, கிட்ஹப் முடிவு செய்கிறது. பிஆர் பட்டியலைத் திறந்தால் புதிதாக வந்தது மேலே நிற்கும். ஒரு பக்கத்தில் 25 தெரியும். நம் 43-இல் 18 இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன, அதுவும் மிகப் பழைய 18. கடந்த நான்கு சனிக்கிழமைகளில் நீங்கள் ரிவ்யூ செய்தவற்றைக் குறித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்று, அந்த வாரம் வந்தவை. இல்லையென்றால், எழுதியவர் வந்து 'இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா' என்று கமென்ட் போட்டவை. அழுத பிள்ளை பால் குடித்திருக்கிறது. இரண்டாம் பக்கத்திலிருந்து ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. வேண்டுமென்று யாரையும் ஒதுக்கினீர்கள் என்று சொல்லவில்லை. பட்டியல் அப்படிக் காட்டுகிறது, கை அப்படிப் போகிறது.

வரிசையை மாற்றுவதற்கு முன்னால், யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பதே நமக்குச் சரியாகத் தெரியவில்லை. 43 என்ற எண்ணைப் பார்த்து உங்களுக்கு மலைப்பு வருவது தெரியும். போன மாதக் கூட்டத்தில் ஒருவர் 'இதை எப்போது முடிப்பது' என்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. ஆனால் 43-உம் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆறு டிராப்ட் நிலையில் இருக்கின்றன. எழுதியவரே 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லி வைத்தவை. எட்டில் நீங்கள் திருத்தம் கேட்டு விட்டீர்கள், எழுதியவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்றில் டெஸ்ட் உண்மையாகவே உடைந்திருக்கிறது. நான்கு வேறொரு பிஆர் மெர்ஜ் ஆனால்தான் நகரும். இவற்றைக் கழித்தால் உங்கள் பதிலுக்காக நிற்பவை 22 மட்டும்.

இந்தக் கழித்தலை இயந்திரத்தனமாகச் செய்தால் மோசம் போவோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் நானே அப்படித்தான் செய்தேன். இந்தத் தேடலைப் போட்டு, வருவதுதான் வரிசை என்று நினைத்தேன்:

```
is:pr is:open draft:false -review:changes_requested status:success sort:created-asc
```

பார்ப்பதற்கு நியாயமான தேடல். டிராப்ட் வேண்டாம், திருத்தம் கேட்டவை வேண்டாம், டெஸ்ட் பச்சையாக இருப்பவை மட்டும், பழையது முதலில். ஆனால் இதில் ஆறு பேர் காணாமல் போய்விடுகிறார்கள்.

முதல் நால்வரின் கதை இது. நீங்கள் ஒரு பிஆரில் திருத்தம் கேட்டுக் குறி போட்டால், அந்தக் குறி எழுதியவர் புதிய கமிட் ஏற்றியதும் தானாக நீங்காது. குறி போட்டவரே மறுபடி வந்து பார்த்தால்தான், அல்லது உரிமை உள்ளவர் அதை நீக்கினால்தான் போகும். ஆக, நீங்கள் கேட்ட அத்தனையையும் சரிசெய்து விட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பட்டியலோ அவர்தான் பாக்கி வைத்திருக்கிறார் என்று காட்டுகிறது. திருத்தம் கேட்ட குறியோடு நம்மிடம் 12 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கடைசி ரிவ்யூவின் தேதியையும் கடைசி கமிட்டின் தேதியையும் ஒப்பிட்டேன். நான்கில் கமிட் பிந்தியது. அதில் ஒருவர் நீங்கள் கேட்ட மறுநாளே சரிசெய்திருக்கிறார். அது நடந்து பதினோரு வாரம் ஆகிறது.

மற்ற இருவர் புதியவர்கள். பொதுவில் திறந்திருக்கும் ரெப்போக்களில், முதன்முறையாக ஃபோர்க் செய்து பிஆர் அனுப்புகிறவரின் டெஸ்ட்களை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாக ஓட்டாது. மெயின்டெய்னர் ஒருவர் வந்து அனுமதிப் பொத்தானை அழுத்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கணினி நேரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்ட ஆட்கள் கிளம்பியதால் 2021-இல் வந்த ஏற்பாடு இது. காரணம் நியாயமானது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: டெஸ்ட் ஓடவே இல்லை, அதனால் பச்சை இல்லை, அதனால் `status:success` என்று வடிகட்டும் எவர் கண்ணிலும் படாது. நமக்கு முதல் தடவை எழுதுகிறவர்தான் நம் வடிகட்டியில் முதலில் சிக்குகிறார். அந்த இரண்டும் ஆறு வாரமாக அப்படியே நிற்கின்றன. `.github/workflows/` கோப்புறையைத் தொட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு (இரண்டுமே தொடவில்லை, பார்த்தாயிற்று) பொத்தானை அழுத்தினால் போதும்.

வரிசை யாருடைய கையில் இருக்கிறது என்பதை லேபிளிலேயே சொல்லிவிடும் வழக்கம் பெரிய திட்டங்களில் உண்டு. ரஸ்ட் மொழிக்காரர்கள் `S-waiting-on-review`, `S-waiting-on-author` என்று இரண்டு லேபிள் வைத்திருக்கிறார்கள். எழுதியவர் வேலையை முடித்ததும் `@rustbot ready` என்று கமென்ட் போட்டால் லேபிள் மாறிவிடும். சிபைத்தானிலும் இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. இதில் நான் முக்கியமாக நினைப்பது, லேபிளை மாற்றும் சாவி எழுதியவர் கையிலும் இருக்கிறது என்பதுதான். நமக்கு பாட் எதுவும் வேண்டாம். இரண்டு லேபிள் போதும், வாரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, 22 நிற்கின்றன. எதை முதலில் எடுப்பது?

பழையது முதலில் என்பதுதான் நியாயம் என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மாறிவிட்டேன். ஐந்து மணி நேரம் பிடிக்கும் ஒரு பெரிய பிஆரும், ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் ஐந்து சிறிய பிஆர்களும் வரிசையில் நிற்பதாக வையுங்கள். பெரியதை முதலில் எடுத்தால் அது 5 மணி நேரத்தில் முடியும். சிறியவை 6, 7, 8, 9, 10 என்று முடியும். ஆறு பேரும் காத்திருந்ததைக் கூட்டினால் 45 மணி நேரம். பெரியதைக் கடைசியில் வைத்தால் சிறியவை 1, 2, 3, 4, 5 என்று முடிந்துவிடும், பெரியது 10-இல் முடியும். மொத்தம் 25. உழைப்பு இரண்டிலும் அதே பத்து மணி நேரம்தான். பெரிய பிஆர் எழுதியவர் கூடுதலாக ஐந்து மணி நேரம் காத்திருக்கிறார். மற்ற ஐவரும் ஆளுக்கு ஐந்து மணி நேரம் முந்துகிறார்கள்.

எல்லோருடைய காத்திருப்பும் ஒரே விலை உடையது என்றால் இந்தக் கணக்கு இத்தோடு முடிந்தது. அப்படி இல்லை. தரவை இழக்கச் செய்யும் பக்கைத் திருத்தும் பிஆர் ஒரு வாரம் தாமதிப்பதும், ஆவணத்தில் ஒரு சொல் திருத்தம் ஒரு வாரம் தாமதிப்பதும் ஒன்றாகாது. அதற்கும் ஒரு விதி இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரத்தில் வேலைகளை எந்த வரிசையில் ஏற்றுவது என்ற கேள்விக்கு வெய்ன் ஸ்மித் என்பவர் 1956-இல் நிறுவியது: தாமதத்தின் விலையை வேலை பிடிக்கும் நேரத்தால் வகுங்கள், பெரிய ஈவு முதலில். ஒரே இயந்திரம், ஒவ்வொரு வேலைக்கும் தாமதத்தின் விலை சீராக ஏறுகிறது என்றால், இதைவிட நல்ல வரிசை கிடையாது. நம் இயந்திரம் உங்கள் ஆறு மணி நேரம்.

தாமதத்தின் விலையை எப்படிப் போடுவது? நுணுக்கமாகப் போடக் கூடாது என்பது என் கட்சி. ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் என்று வைத்தால், இது ஆறா ஏழா என்று பேசியே அரை மணி நேரம் போய்விடும். மூன்றே மூன்று எண்கள்: 1, 3, 9. 'இது இன்னும் ஒரு மாதம் கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்?' என்று கேளுங்கள். எழுதியவருக்கு வருத்தம், வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை என்றால் 1. பயன்படுத்துகிறவர்கள் சுற்றுவழி தேடித் திண்டாடுகிறார்கள் என்றால் 3. அவர்களுக்குத் தெரியாமலே தவறான விடை போகிறது, தரவு தொலைகிறது என்றால் 9. ஒன்றை நம்பி இன்னும் சில நிற்கின்றன என்றால், பின்னால் நிற்பவற்றின் எண்களையும் முன்னால் நிற்பதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இதை நம் வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கோப்பின் கடைசியில் புதுவரிக் குறி இல்லாவிட்டால் கடைசிப் பதிவையே விழுங்கிவிடும் பக் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆயிரம் பதிவில் 999 வரும், யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அதற்கான திருத்தம் 12 வரி, கூடவே ஒரு டெஸ்ட். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 9-ஐ அரையால் வகுத்தால் 18. அது இப்போது இரண்டாம் பக்கத்தில் நடுவில் கிடக்கிறது. இதை நேராகக் காட்டத்தான் இந்த மடலையே ஆரம்பித்தேன்.

அடுத்து, படிப்பானின் உள் ஃபங்ஷன் ஒன்றுக்குப் புதிய ஆர்க்யுமென்ட் சேர்க்கும் பிஆர். பார்க்க ஒரு சுவையும் இல்லை. தனியாக அதன் விலை 1. ஆனால் தேங்கி நிற்கும் நான்கில் மூன்று அதற்காகத்தான் நிற்கின்றன. அவற்றின் எண்கள் 1, 1, 3. கூட்டினால் 6, நேரம் ஒரு மணி, ஈவு 6. நீங்கள் கேட்ட திருத்தத்தைச் செய்துவிட்டுக் காத்திருக்கும் நால்வருக்கும் விலை 1 என்றே வைத்தாலும், மறுபார்வைக்கு ஆளுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகும். ஈவு கிட்டத்தட்ட 3. உண்மையில் அதற்கு மேலும் தரலாம். முதல் முறை படித்தது உங்கள் நினைவில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலும் மூன்று வாரம் போனால் முதலிலிருந்து படிக்க வேண்டும், அப்போது கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆகும். எழுதியவருக்கும் அதே கதைதான்.

கடைசியில் நிற்பது என்னுடைய பிஆர். படிப்பானின் உட்புறத்தை மாற்றி எழுதியது: 38 கோப்பு, 1,400 வரி. உங்களில் ஒருவருக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். விலை 3, ஈவு 0.6. எந்தக் கணக்குப் போட்டாலும் 22-ஆவது இடம்தான் வருகிறது. என் பிஆரை முன்னால் தள்ள இந்த மடலை எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பிஆரில் நடந்த ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும். ஏழு மாதத்தில் மூன்று முறை 'ரீபேஸ் பண்ணுங்கள், கான்ஃப்ளிக்ட் இருக்கிறது' என்று கமென்ட் வந்தது. மூன்று முறையும் உட்கார்ந்து செய்தேன். மூன்றாவது முறை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அதுவரை கோடில் ஒரு வரியைக்கூட யாரும் படிக்கவில்லை. ரீபேஸ் கேட்பது ரிவ்யூ செய்ய உட்காரும் அன்று கேட்க வேண்டியது. படிக்கும் எண்ணம் இல்லாதபோது கான்ஃப்ளிக்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பெரிய பிஆர்களில் வரிசை இன்னொரு விதத்திலும் பேசுகிறது. நீங்கள் மெர்ஜ் செய்யும் ஒவ்வொரு சிறிய பிஆரும் அதே கோப்பைத் தொடுமானால் பெரியதை உடைக்கும். பெரியதை முதலில் மெர்ஜ் செய்தாலோ சிறியவை அத்தனையும் உடையும். எது எதோடு மோதுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது:

```
gh pr view 212 --json files --jq '.files[].path'
```

இப்படி ஒவ்வொரு பிஆரின் கோப்புகளையும் எடுத்து ஒப்பிட்டேன். என் 38 கோப்புகளோடு மோதுபவை 22-இல் ஐந்து மட்டும். அந்த ஐந்தும் முதலில் போகட்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு வாரம் அந்தக் கோப்புறையில் எதையும் மெர்ஜ் செய்யாமல் வைத்து, அந்த வாரத்தில் என்னை ஒரே ஒருமுறை ரீபேஸ் செய்யச் சொன்னால் போதும்.

இனி இந்தக் கணக்கு எங்கே காலை வாரும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு வாரம் முயன்று பார்த்துக் கைவிட்டுவிடுவீர்கள்.

முதலாவது, ரிவ்யூ நேரத்தை வரி எண்ணிக்கையை வைத்துப் போடாதீர்கள். பட்டியலில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் அந்தத் தவறு சுலபமாக நடக்கும். நம் வரிசையில் 1,900 வரி கூடியிருக்கும் பிஆர் ஒன்று உண்டு. அதில் 1,860 வரி டிபென்டன்சி லாக் கோப்பு. மீதி 40 வரியைப் பார்க்கப் பத்து நிமிடம். அதன் பக்கத்திலேயே ஒரே ஒரு வரி மாறிய பிஆர் இருக்கிறது: இயல்பு என்கோடிங்கை மாற்றுகிறது. அந்த ஒரு வரிக்கு யார் யார் பழைய நடத்தையை நம்பியிருக்கிறார்கள் என்று தேட இரண்டு மணி நேரமும் போதாது. சும்மா இடம் மாற்றிய கோடும், உள்தள்ளல் மாற்றமும் கணக்கை ஊதிவிடும். கீழே உள்ளதை ஓட்டினால் உள்ளபடி என்ன மாறியது என்று ஒரு நிமிடத்தில் தெரியும்:

```
git fetch origin pull/212/head:pr-212
git diff --stat main...pr-212
git diff -w --color-moved main...pr-212
```

நானும் மதிப்பீட்டைக் கால் மணி, ஒரு மணி, அரை நாள் என்பது போன்ற தோராயமான அளவுகளில்தான் போட்டேன். அதற்கு மேல் துல்லியம் யாருக்கும் வாய்க்காது.

இரண்டாவது, சொல் திருத்தங்கள். ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தும் பிஆர் பத்து நிமிடத்தில் முடியும். விலை 1 என்றாலும் ஈவு 6. மூன்று பிஆர்களைக் கட்டிப்போட்டிருக்கும் அந்த ஃபங்ஷன் மாற்றத்துக்கும் 6தான். கணக்குப்படி இரண்டும் சமம் என்பதை என் மனம் ஒப்பவில்லை, உங்கள் மனமும் ஒப்பாது. ஒவ்வொரு பிஆரையும் திறப்பதற்கும், அதற்குள் மனத்தைத் திருப்புவதற்கும், மூடுவதற்கும் ஆகும் நேரம் கணக்கில் வரவில்லை என்பதே காரணம். சிறியவற்றில் அந்த நேரம்தான் பெரும்பங்கு. அதனால் ஆவணத் திருத்தங்களைச் சேர்த்து வைத்து, கடைசி இருபது நிமிடத்தில் மொத்தமாக முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு எழுத்துப் பிஆர்களை அனுப்பிக் கணக்கில் பேர் சேர்க்கிறவர்களுக்கு நாம் ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது போல் ஆகும்.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. ஸ்மித்தின் விதி, வரிசையில் இருப்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள், புதிதாக யாரும் வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கோ ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு வருகிறது, அவற்றில் சிலவாவது சிறியவை. சிறியவை முந்திக்கொண்டே இருந்தால் பெரியவை ஒருநாளும் முன்னால் வரமாட்டா. இது இப்போதைய நிலையைவிட மோசம். இப்போது மறதியால் கிடக்கின்றன, அப்போது விதியால் கிடக்கும். அதனால் ஆறு மணி நேரத்தையும் ஈவுக்குக் கொடுக்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தனியாக எடுத்து வைத்து, உங்கள் பதிலுக்காக மிக நீண்ட நாள் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள், ஈவு எவ்வளவாக இருந்தாலும். வயதை எண்ணும்போது `sort:updated-asc` என்று போடாதீர்கள். யாராவது ஒரு கமென்ட் போட்டாலே அது புதிதாகிவிடும். பொறுமையிழந்து ஒருமுறை கேட்டவர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். `sort:created-asc` பரவாயில்லை. அதைவிட நல்லது, பந்து கடைசியாக உங்கள் பக்கம் வந்த நாள்.

ரிலீஸ் தேதியை ஒட்டிய பிஆர்களுக்கும் இந்த ஈவு பொருந்தாது. ஒரு ஃபங்ஷனை நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கை அடுத்த ரிலீஸில் போக வேண்டும் என்றால், அதுவரை தாமதத்துக்கு விலையே இல்லை. அந்தத் தேதி தாண்டினால் ஒரேயடியாக ஏறிவிடும். அவற்றுக்கு மைல்ஸ்டோன் போட்டு, தேதிக்கு இரண்டு வாரம் முன்பு கணக்கு எதுவும் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆக, வரும் சனிக்கிழமையின் ஆறு மணி நேரம் எப்படிப் போகலாம் என்று போட்டுப் பார்த்தேன். கடைசிப் பதிவை விழுங்கும் பக்குக்கு அரை மணி. மறுபார்வைக்காக நிற்கும் நால்வருக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி. அந்த ஃபங்ஷன் மாற்றத்துக்கு ஒரு மணி. டெஸ்ட் ஓடாமல் நிற்கும் புதியவர் இருவருக்கும் முதல் பார்வை, ஆளுக்கு இருபது நிமிடம். ஆவணத் திருத்தம் மூன்றுக்கும் சேர்த்து இருபது நிமிடம். இதுவரை மூன்றே முக்கால் மணி நேரம். அடுத்த ஒன்றரை மணி, ஐந்து மாதமாக நிற்கும் அந்தப் புதிய கோப்பு வடிவ ஆதரவுக்கு. மிச்சம் முக்கால் மணி நேரத்தை என் பிஆருக்குத் தாருங்கள்; கோடைப் படிக்க வேண்டாம், விளக்கத்தை மட்டும் படித்து, இந்தத் திசை நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுங்கள். வேண்டும் என்றால் நான் துண்டு போடுகிறேன்: இடம் மாற்றும் கோடு தனியாக, நடத்தையை மாற்றும் கோடு தனியாக. முதல் துண்டை இப்போதே பிரித்து டிராப்டாக வைத்திருக்கிறேன். அதில் நடத்தை மாற்றம் எதுவும் கிடையாது, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

எல்லாம் சரியாகப் போனால் ஒன்பது மூடப்படும், நான்கு பேருக்கு முதல் பதில் கிடைக்கும். போன சனிக்கிழமை என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். அன்று காலை வந்த ஒரு பெரிய பிஆர் மேலே நின்றது, மூவரும் அதிலேயே இறங்கினீர்கள், மாலை வரை அது முடியவில்லை.

அந்த ஐந்து மாதப் பிஆரைப் பற்றி இன்னும் கொஞ்சம். அதில் எனக்குப் பட்ட சங்கடம், கோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பு வடிவத்தை நாம் ஆதரிக்க வேண்டுமா என்பதையே உங்களில் யாரும் பேசி முடிக்கவில்லை. 2 பேர் அரைமனதோடு இருப்பது கமென்ட்களில் தெரிகிறது. ஒன்றரை மணி நேரம் கோடைப் படித்துவிட்டு 'நமக்கு வேண்டாம் என்று நினைக்கிறோம்' என்று சொல்வது யாருக்கும் நல்லதில்லை. முதல் பத்து நிமிடத்தில் மூவரும் அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அப்போதே மூடுங்கள், காரணத்தை இரண்டு வரியில் எழுதி. எழுதியவருக்குக் கசக்கும். ஆனால் ஐந்து மாதம் காத்திருந்ததை ஏழாக்குவது அதைவிடக் கசக்கும், அவர் அதைத் தன் திட்டத்துக்குள் தனியாக வைத்துக்கொள்ளவாவது முடியும். உங்களுக்கு மிச்சமாகும் நேரம் வரிசையில் அடுத்த பழையவருக்குப் போகும்.

மூடுவதைப் பற்றி இவ்வளவு அழுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. எந்த வரிசையும் ஆறு மணி நேரத்தை ஏழாக்காது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய எளிய தொடர்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கையை, வாரத்துக்கு வெளியேறுகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 22 நிற்க, வாரம் ஐந்து வெளியேறினால் நான்கு வாரத்துக்குச் சற்று அதிகம். அது தாங்கக்கூடியது. ஆனால் வருவதும் போவதும் சமமாக இருந்தால்தான் இந்தத் தொடர்பு நிலையாக நிற்கும். வாரம் ஆறு வந்து ஐந்து போனால் ஓராண்டில் இன்னும் 52 பேர் வரிசையில் சேர்வார்கள். அப்போது பிரச்சினை வரிசையில் இல்லை, எதை ஏற்பது என்பதில் இருக்கிறது. எனவே மொத்தம் எத்தனை திறந்திருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை இரண்டு எண்கள் போதும்: உங்களுக்காக நிற்பவை எத்தனை, அவற்றில் மிகப் பழைய மூன்றின் வயது என்ன. முதல் எண் ஏறிக்கொண்டே போனால் ஏற்பதைக் குறைக்க வேண்டும். முதல் எண் அப்படியே இருக்க, இரண்டாவது மட்டும் ஏறினால் அந்த ஒன்றரை மணி நேரத்தை வேறு எதுவோ தின்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. என்ன வரிசையில் எடுக்கப்போகிறீர்களோ அதை வெள்ளிக்கிழமை இரவு ஒரு இஷ்யூவில் எழுதி வையுங்கள். நான் சொன்ன வரிசையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. என் பெயர் 22-ஆவதாக இருந்தாலும் சரி, அது எங்கே என்று தெரிந்தால் நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து கமென்ட் போட மாட்டேன். மற்றவர்களும் போட மாட்டார்கள். 22-க்கும் நான் போட்ட விலை, நேரம், மோதும் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையாக்கி அந்த இஷ்யூவில் ஏற்றி வைக்கிறேன். எண்களில் தவறிருந்தால் அங்கேயே மாற்றுங்கள், என்கோடிங் பிஆருக்கு நான் போட்ட 3 எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று மட்டும் இருக்கிறது. டெஸ்ட் ஓடாமல் நிற்கும் அந்த இரண்டு பிஆர்களின் அனுமதிப் பொத்தானை உங்களில் யாராவது ஒருவர் இன்றிரவே அழுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் பக்கத்தில் காத்திருக்கும் உங்கள் பங்களிப்பாளர்களில் ஒருவன்